மருத்துவமனை பில்லில் ரத்தக் கட்டணம்: வரிவரியாகச் சரிபார்த்துக் காப்பீட்டில் கோரும் முறை

ஒரு நோயாளிக்கு மூன்று யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டால், அதற்கான செலவு மருத்துவமனை பில்லில் ஒரே வரியாக வருவதில்லை. ரத்தப் பைக்கான கட்டணம் ‘ரத்த வங்கி’ என்ற தலைப்பில் இருக்கும். பொருத்தம் பார்த்த சோதனை ஆய்வகக் கட்டணங்களோடு சேர்ந்திருக்கும். ரத்தம் ஏற்றியதற்கான கட்டணம் செவிலியர் சேவையிலோ சிகிச்சை முறைகளிலோ இடம்பெறும். ரத்தம் ஏற்றும் செட் மருந்தக பில்லில் போய்ச் சேரும். காப்பீட்டு நிறுவனம் இந்த நான்கையும் நான்கு விதமாகப் பார்க்கிறது. அதனால், ‘ரத்தத்துக்குக் காப்பீடு உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்கும் ‘உண்டு’ என்ற பதில் சரியானதுதான் என்றாலும், பில்லைத் தீர்க்கும் நேரத்தில் அது பயன்படுவதில்லை. இந்தியாவில் தனிநபர் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர், தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறும்போது செய்ய வேண்டியவை இங்கே வரிசையாகத் தரப்படுகின்றன.

ரத்தத்துக்கு விலை இல்லை, பதப்படுத்தும் கட்டணம்தான் உண்டு

இந்தியாவில் ரத்தத்தை விற்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின்படி, பணம் பெற்றுக்கொண்டு ரத்தம் கொடுக்கும் வழக்கம் 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. எனவே ரத்த வங்கி வாங்குவது ரத்தத்தின் விலையன்று. பை, சேகரிப்பு, பிரிப்பு, சேமிப்பு, கட்டாயச் சோதனைகள் ஆகியவற்றுக்கான பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு யூனிட்டும் சோதிக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்தச் செலவும் இக்கட்டணத்துக்குள் அடங்கியதே.

இக்கட்டணத்துக்குத் தேசிய ரத்தமேற்று மன்றம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட பட்டியலின்படி தனியார் ரத்த வங்கியில் முழு ரத்தம் அல்லது சிவப்பணு ஒரு யூனிட்டுக்கு 1,550 ரூபாய், பிளாஸ்மாவுக்கும் சாதாரணப் பிளேட்லெட்டுக்கும் 400 ரூபாய், கிரையோ எனப்படும் கிரையோபிரெசிபிடேட்டுக்கு 250 ரூபாய். கட்டாயமில்லாத மேல்நிலைச் சோதனைகளையும் வெள்ளணு நீக்கம் போன்ற சிறப்புப் பதப்படுத்தலையும் செய்திருந்தால் அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆனால் என்ன செய்யப்பட்டது என்பது ரசீதில் பெயரோடு இருக்க வேண்டும். பதப்படுத்தும் கட்டணத்தைத் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது என்பதை இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை இயக்குநர் 2023 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் மீண்டும் வலியுறுத்தினார். உங்கள் பில்லில் சாதாரணச் சிவப்பணு யூனிட் ஒன்றுக்கு 3,500 ரூபாய் என்று போட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனத்திடம் போவதற்கு முன்பே மருத்துவமனையிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

முதல் படி: நோயாளி படுக்கையில் இருக்கும்போதே எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்

காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் பில்லில் இருக்கும் யூனிட் எண்ணிக்கையை அப்படியே ஏற்பதில்லை. கேஸ் ஷீட்டில் ரத்தம் ஏற்றிய குறிப்பை எடுத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு பைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண், ஏற்றத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஏற்றியவரின் கையொப்பம் ஆகியவை அக்குறிப்பில் இருக்க வேண்டும். பில்லில் நான்கு யூனிட், குறிப்பில் மூன்று பை எண் என்றால் நான்காவது கழிக்கப்படும்.

இந்த வேறுபாடு அடிக்கடி வருவதற்கு நியாயமான காரணம் உண்டு. ரத்தக்கசிவோடு வருபவருக்கோ அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவருக்கோ மருத்துவர் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே பொருத்தம் பார்த்து வைக்கச் சொல்வார். எல்லாம் ஏற்றப்படுவதில்லை. மீதிப் பை ரத்த வங்கியின் குளிர்பதனப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்றால் அது இருப்புக்குத் திரும்பி இன்னொருவருக்குப் போகும். அதற்கு உங்களிடம் கட்டணம் வாங்க இடமில்லை. வார்டுக்கு வந்து அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்ட பை பொதுவாகத் திரும்ப ஏற்கப்படுவதில்லை. அப்போது அது வீணானது என்றும், ஏன் என்றும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அந்த யூனிட்டுக்காக வாதிடுவது கடினம்.

மருத்துவமனையில் ரத்த வங்கி இல்லாமல் உறவினர் வெளியே போய் வாங்கி வந்தால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கேஷ்லெஸ் ஒப்புதல் மருத்துவமனை பில்லுக்கு மட்டுமே செல்லும். வெளி ரத்த வங்கிக்குக் கையிலிருந்து கொடுத்த பணம் அதில் சேராது. அதே சிகிச்சையின் தொடர்ச்சியாக அந்த ரசீதைத் தனியாக ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கு அனுப்ப வேண்டும். நிராகரிப்புக்கு நான் மிகுதியாகக் கண்ட காரணம், ரசீது ரத்தம் வாங்கப் போன மைத்துனரின் பெயரில் இருந்ததுதான். நோயாளியின் பெயர், மருத்துவமனைப் பதிவு எண், பை எண், சிவப்பணு, பிளாஸ்மா போன்ற எந்த ரத்தக் கூறு, எத்தனை யூனிட் ஆகிய அனைத்தும் ரசீதில் இருக்கின்றனவா என்று அந்தக் கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். அதோடு மருத்துவர் கையெழுத்திட்ட ரத்தக் கோரிக்கைப் படிவத்தின் நகலையும், பொருத்தச் சோதனை அறிக்கையையும் வாங்கி வையுங்கள். வாங்கிய ரத்தத்துக்கு ஈடாக உங்கள் தரப்பில் ஒருவர் ரத்தம் கொடுக்கும் வரை என்று சொல்லி முன்பணம் வாங்கியிருந்தால், அது செலவன்று. திரும்பப் பெற வேண்டிய தொகை. அதைக் காப்பீட்டில் கோர முடியாது.

இரண்டாம் படி: டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்

‘நோயாளிக்கு ரத்தம் ஏற்றப்பட்டது’ என்ற வாக்கியம் போதாது. பாலிசிகள் ‘மருத்துவரீதியாக அவசியமான சிகிச்சை’ என்ற வரையறையின்படிதான் பணம் தருகின்றன. எனவே, ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்தக்கசிவு இருந்ததா, எந்தக் கூறு எத்தனை யூனிட், ஏற்றிய பின் அளவு என்ன என்பவை சம்மரியில் இருக்க வேண்டும். பிளாஸ்மா கொடுத்திருந்தால் உறைதல் சோதனையின் முடிவும் வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு திருத்திய சம்மரி வாங்குவது நாள் கணக்கில் இழுக்கும். காப்பீட்டு நிறுவனமும் பின்னர் எழுதப்பட்ட திருத்தத்தை ஐயத்தோடு பார்க்கும். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் மாலையில் வரைவைக் கேட்டு வாங்கிப் படிப்பதே நல்லது.

மூன்றாம் படி: பில்லில் உள்ள ரத்த வரிகளைத் தனித் தாளில் எழுதுங்கள்

ரத்தமும் அதன் கூறுகளும் உள்நோயாளிச் செலவின் பகுதியாகவே பாலிசிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், மயக்க மருந்து, ரத்தம், ஆக்சிஜன், அறுவை அரங்கு என்று ரத்தம் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. எனவே ஏற்றப்பட்ட யூனிட்டின் கட்டணம் குறித்துப் பெரும்பாலும் சச்சரவு எழுவதில்லை. சச்சரவு அதைச் சுற்றியுள்ள வரிகளில்தான்.

‘ரத்த முன்பதிவுக் கட்டணம்’ என்ற வரி இருந்தால், அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நான்காம் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. அப்பட்டியலில் உள்ளவை சிகிச்சைச் செலவுக்குள்ளேயே அடங்கியவை. தனி வரியாகப் போட வேண்டியவை அல்ல. கொடையாளருக்குச் செய்த சோதனைகளும் அப்படியே. அவை பதப்படுத்தும் கட்டணத்தில் அடங்கும் என்பதோடு, கொடையாளர் காப்பீடு செய்யப்பட்டவரும் அல்லர். பொருத்தச் சோதனையில் மருத்துவமனைகள் ஒன்றுபோல் நடப்பதில்லை: சில தனியாக வாங்குகின்றன, சில ரத்தக் கட்டணத்தில் சேர்க்கின்றன. கொடையாளர் மாதிரியின் வகைப்பாடும் பொருத்தமும் ரத்தச் செலவின் பகுதியே என்று காப்பீட்டில் பணம் தரப்படாத பொருள்களின் பழைய பட்டியலில் எழுதியிருந்ததால், காப்பீட்டு நிறுவனங்கள் இன்றும் அதே போக்கில் கழிக்கின்றன.

ஒரு பில்லைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துவந்த ஒருவர், இரைப்பைப் புண்ணில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, ஹீமோகுளோபின் 5.8 என்ற நிலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு யூனிட் சிவப்பணுவுக்குப் பொருத்தம் பார்க்கப்படுகிறது, மூன்று ஏற்றப்படுகின்றன. உறைதல் குறைவைச் சரிசெய்ய நான்கு யூனிட் பிளாஸ்மா முழுவதும் ஏற்றப்படுகிறது. பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு 4,000 ரூபாய். அவர் தங்கியது 6,000 ரூபாய் அறையில். ரத்தம் தொடர்பான வரிகள் இவை:

- சிவப்பணு 4 யூனிட்: 6,200 ரூபாய்
- பிளாஸ்மா 4 யூனிட்: 1,600 ரூபாய்
- பொருத்தச் சோதனை: 1,800 ரூபாய்
- கொடையாளர் சோதனை, இருவருக்கு: 1,800 ரூபாய்
- ரத்த முன்பதிவு: 500 ரூபாய்
- ரத்தம் ஏற்றும் கட்டணம், 8 யூனிட்டுக்கு 300 ரூபாய் வீதம்: 2,400 ரூபாய்
- ரத்தம் ஏற்றும் செட், மருந்தக பில்லில்: 720 ரூபாய்

மொத்தம் 15,020 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் ஏற்றப்படாத ஒரு யூனிட்டுக்கு 1,550 ரூபாயையும், பொருத்தம், கொடையாளர் சோதனை, முன்பதிவு, ஏற்றும் கட்டணம் ஆகிய வரிகளை முழுமையாகவும் கழிக்கிறது. கழிவு 8,050 ரூபாய். மீதி 6,970 ரூபாயில் செட் தவிர்த்த 6,250 ரூபாய்க்கு, 6,000 ரூபாய் வாடகையில் 2,000 ரூபாய் வரம்பை மீறியதால், அதே விகிதத்தில் மற்றச் செலவையும் குறைக்கும் விகிதாசாரக் கழிவாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2,083 ரூபாய் மேலும் போகிறது. கையில் வருவது 4,887 ரூபாய். குடும்பத்தின் தலையில் 10,133 ரூபாய்.

இந்த 10,133 ரூபாயையும் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டு எழுதுவது பலரும் செய்யும் தவறு. அதில் ஒரு பகுதி மருத்துவமனையிடம் கேட்க வேண்டியது. ஏற்றப்படாத யூனிட் இருப்புக்குத் திரும்பியிருந்தால் அதன் 1,550 ரூபாயும், ஏற்றாத பைக்கு ஏற்றியதாகப் போட்ட 300 ரூபாயும் மருத்துவமனை திருப்பித் தர வேண்டியவை. ஒரு பை தவறாகச் சேர்ந்தால் அதன் நிழல் இன்னொரு வரியிலும் விழும் என்பதால் எப்போதும் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். கொடையாளர் சோதனை 1,800 ரூபாயும் முன்பதிவு 500 ரூபாயும் நோயாளியிடம் தனியாக வாங்கியிருக்கவே கூடாதவை. ஆக 4,150 ரூபாய் மருத்துவமனையின் பில் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில் இடம்பெற வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை இரண்டே. முதலாவது, விகிதாசாரக் கழிவு. ஆணையத்தின் விதிப்படி, அறை வகைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத செலவுகளுக்கு விகிதாசாரக் கழிவு செய்யக் கூடாது. மருந்து, சிகிச்சைப் பொருள்கள், உள்பொருத்திகள், நோயறிச் சோதனைகள் ஆகியவற்றுக்கு இந்தக் கழிவே கிடையாது. அந்தப் பெயர்ப் பட்டியலில் ரத்தம் தனியாகச் சொல்லப்படவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டுதான் கழிக்கிறார்கள். ஆனால் பொது வார்டில் படுத்தாலும் தனி அறையில் படுத்தாலும் சிவப்பணு யூனிட்டுக்கு அதே 1,550 ரூபாய்தான். மருத்துவமனையின் கட்டணப் பட்டியலில் அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து, எல்லா அறை வகைக்கும் ஒரே கட்டணம் என்று காட்டினால் 2,083 ரூபாயைத் திரும்பப் பெற வலுவான அடிப்படை கிடைத்துவிடும். ரத்தக் கட்டணத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் செய்யும் கழிவுகளில் இதுவே மிகவும் தவறானது என்பது என் உறுதியான கருத்து. மக்கள் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவதும் இதையே.

இரண்டாவது, ஏற்றும் கட்டணம். செவிலியர் பணி அறை வாடகையில் அடங்கும் என்பது நிறுவனத்தின் வாதமாக இருக்கும். மருத்துவமனையின் ஒப்பந்தக் கட்டணப் பட்டியலில் ரத்தமேற்றல் தனிச் சிகிச்சை முறையாக இருந்தால், ஏழு யூனிட்டுக்கு 2,100 ரூபாய் கேட்கலாம். ஆனால் இக்கட்டணம் அறைக்கு ஏற்ப மாறக்கூடியது என்பதால், இதற்கு விகிதாசாரக் கழிவு பொருந்தும். 1,400 ரூபாய் எதிர்பார்ப்பதே நேர்மையான கணக்கு. எல்லாம் கைகூடினால் மருத்துவமனையிலிருந்து 4,150 ரூபாயும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து 3,483 ரூபாயும் திரும்பும். பொருத்தச் சோதனையின் 1,800 ரூபாயும் ஏற்றும் கட்டணத்தில் 700 ரூபாயும் குடும்பத்தின் செலவாகவே நிற்கும்.

தனியாகப் பார்க்க வேண்டிய மூன்று நிலைமைகள்

டெங்குவில் பிளேட்லெட் ஏற்றும்போது பிரச்சினை விலையில் இல்லை, தேவையில் இருக்கிறது. ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கை 10,000க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றலாம் என்பது தேசிய வழிகாட்டுதல். 40,000 இருந்தபோது குடும்பத்தார் பதறிக் கேட்டதால் ஒற்றைக் கொடையாளர் பிளேட்லெட் ஏற்றியிருந்தால், அந்தப் பெரிய தொகை ‘அவசியமற்றது’ என்று கழிக்கப்படலாம். அந்தக் கழிவுக்கு அடிப்படையும் இருக்கிறது. ரத்தக்கசிவு இருந்திருந்தால் எண்ணிக்கை எதுவானாலும் நிலைமை வேறு. அந்தக் கசிவு எங்கே, எப்போது என்பது கேஸ் ஷீட்டில் பதிவாகியிருக்க வேண்டும்.

தலசீமியா போன்ற நோயில் காலையில் வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்புவோருக்கு, 24 மணி நேரத் தங்கல் இல்லை என்பதே தடை. பகல்நேரச் சிகிச்சையின் பொது வரையறை மயக்க மருந்தின் கீழ் செய்யப்படுவதைக் கேட்கிறது. ரத்தமேற்றலுக்கு மயக்க மருந்து தேவையில்லை. எனவே உங்கள் பாலிசியின் பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலில் ரத்தமேற்றல் பெயரோடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஆல்புமின், இம்யுனோகுளோபுலின், உறைதல் காரணி போன்றவை பிளாஸ்மாவிலிருந்து வந்தாலும், பில்லில் அவை ரத்தம் அல்ல. தொழிற்சாலையில் தயாரித்து அதிகபட்ச விலை அச்சிட்டு விற்கப்படும் மருந்துகள். அவை மருந்தக பில்லில்தான் இருக்க வேண்டும், அங்கே இருந்தால் விகிதாசாரக் கழிவும் வராது. ‘ரத்தப் பொருள்கள்’ என்ற தலைப்பில் தொகுதி எண் இல்லாமல் மொத்தமாகப் போட்டிருந்தால் மருந்தக பில்லாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

நான்காம் படி: எழுத்தில் காரணம் கேட்டு, மேலே செல்லுதல்

2024 மே 29 அன்று வெளியான ஆணையத்தின் சுற்றறிக்கைப்படி, ஒரு கோரிக்கையை முழுமையாகவோ பகுதியாகவோ மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் என்று காப்பீட்டு நிறுவனம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘தரப்படாதது’ என்ற ஒற்றைச் சொல் போதிய பதிலாகாது. எனவே நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதும்போது, ஒவ்வொரு ரத்த வரிக்கும் எதிரே கழித்த தொகை, நீங்கள் கேட்கும் தொகை, ஆதாரமாக இணைத்த தாள் ஆகியவற்றைக் குறித்து, நிபந்தனை எண்ணைத் தரும்படி கேளுங்கள். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் (bimabharosa.irdai.gov.in) புகாரைப் பதியலாம், தொலைபேசி எண் 155255.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். மனுவோடு பில்லும் கழிவுக் கடிதமும் மட்டும் வைத்தால் போதாது. பை எண்கள் உள்ள ரத்தமேற்றல் குறிப்பின் நகலையும், எல்லா அறை வகைக்கும் ஒரே கட்டணம் என்று காட்டும் மருத்துவமனைப் பட்டியலின் பக்கத்தையும் மேலே வைத்துக் கொடுங்கள்.